"வாங்கலாமா?" என்ற கேள்வியோடு வரும் விலைக் கோப்பு

பங்குச் சந்தையும் எக்செலும் ஓரளவு தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் ஒரு வகைக் கேள்வி உங்களைத் தேடி வந்துகொண்டே இருக்கும். ஒரு பங்கின் ஐந்து வருட விலைப் பட்டியலை யாராவது அனுப்புவார். கூடவே ஒரு வரி: "அண்ணே, இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க, இப்ப வாங்கலாமா?"

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு, இரண்டும் சரியில்லை. சார்ட்டைப் பார்த்து "நல்லா ஏறிட்டு வருது, வாங்குங்க" என்பது ஒன்று. "எதிர்காலத்தை யாராலும் சொல்ல முடியாது" என்று கையை விரிப்பது இன்னொன்று. முதலாவது இல்லாத அறிவை இருப்பதாகக் காட்டுகிறது. இரண்டாவது கேட்க அடக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கோப்பில் உண்மையிலேயே இருக்கும் தகவலையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறது. விலைக் கோப்பு எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவில் ஊமை இல்லை. இந்தப் பங்கு எவ்வளவு ஆடும் என்று கேட்டால் தெளிவாகவே பதில் சொல்லும். எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. ஒரே எண்கள், ஒரே வரிசைகள். அப்படியிருக்க ஒன்று தெரிகிறது, இன்னொன்று தெரியவில்லை என்றால் ஏன்? அந்தக் காரணம் பிடிபட்டால் யாருடைய கோப்புக்கும் நேர்மையாகப் பதில் எழுதிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கற்பனைக் கோப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்து வருடம், வருடத்துக்குச் சுமார் 252 வர்த்தக நாள், ஆக 1,260 வரிசைகள். Date, Open, High, Low, Close, Volume என்று ஆறு நெடுவரிசைகள். முதல் நாள் முடிவு விலை 400, கடைசி நாள் 402. அனுப்பியவர் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்: "அஞ்சு வருஷமா 400-லயே நிக்குது. இனிமே ஏறித்தானே ஆகணும்?"

முதலில் கோப்பையே சந்தேகப்படுங்கள்

எந்தக் கணக்கும் போடுவதற்கு முன்னால், தேதி பழையதிலிருந்து புதியதாக வருகிறதா என்று பாருங்கள். பல தளங்கள் புதிய தேதியை மேலே வைத்துத் தருகின்றன. அதை அப்படியே விட்டால் ஏற்றமெல்லாம் இறக்கமாகவும் இறக்கமெல்லாம் ஏற்றமாகவும் வரும். அப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று ஒரு நெடுவரிசை போட்டு, அதில் மிகப் பெரிய இறக்கத்தையும் மிகப் பெரிய ஏற்றத்தையும் தேடுங்கள். கோளாறு இருந்தால் பெரும்பாலும் அந்த இரண்டு முனைகளில்தான் மாட்டும்.

நம் கோப்பில் மூன்றாம் வருடத்தின் நடுவில் ஒரு நாள் மாட்டுகிறது. முந்தைய நாள் 812-ல் முடிந்த பங்கு மறுநாள் 404-ல் முடிந்திருக்கிறது. ஒரே நாளில் 50 சதவீதம் காலி. நிறுவனம் திவாலாகப் போகிறதோ என்று தோன்றும். ஆனால் 812-ஐ 404-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2 வருகிறது. அன்று விலை தொடங்கியதே 400-ஐ ஒட்டித்தான். வால்யூம் அன்று ஒரு நாள் மட்டும் வெடித்துவிட்டு அடங்கவில்லை, அதன் பிறகு வந்த நாட்களிலெல்லாம் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகவே நிற்கிறது. இது வீழ்ச்சி இல்லை, பங்குப் பிரிப்பு. ஒரு பங்கை இரண்டாக்கியிருக்கிறார்கள், விலை பாதியாகியிருக்கிறது, வைத்திருந்தவரிடம் எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது. அன்று நிஜமாக நடந்த மாற்றம் 406-லிருந்து 404, அரை சதவீத இறக்கம். (நிறுவனத்தின் அறிவிப்பில் தேதியைச் சரிபார்த்த பிறகே இப்படி முடிவு செய்ய வேண்டும். வகுத்தால் முழு எண் வருகிறது என்பது ஒரு சந்தேகம் மட்டுமே, சாட்சி இல்லை.)

இது அபூர்வமான சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 2020 ஆகஸ்ட் 31 அன்று ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. அதற்கு முந்தைய வர்த்தக நாளில் 499 டாலருக்கு முடிந்த பங்கு அன்று 129 டாலருக்கு முடிந்தது. திருத்தாத கோப்பில் அது 74 சதவீத வீழ்ச்சியாகத் தெரியும். பங்கை வைத்திருந்தவருக்கோ அன்று 3 சதவீதத்துக்கு மேல் லாபம்.

பல தளங்கள் பிரிப்புக்கு ஏற்றபடி பழைய விலைகளைத் திருத்தியே தருகின்றன. Adj Close என்று ஒரு நெடுவரிசை இருந்தால் அதில் ஈவுத்தொகையும் சேர்ந்திருக்கும். நம் கோப்பில் அது இல்லை, எனவே பிரிப்புக்கு முந்தைய விலைகளை எல்லாம் நாமே 2-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் தொடக்க விலை 400 இல்லை, 200. அனுப்பியவர் "அசையவே இல்லை" என்று சொன்ன பங்கு உண்மையில் இரட்டிப்பாகியிருக்கிறது. "இனிமே ஏறித்தானே ஆகணும்" என்ற அவருடைய வாதத்துக்கு அடித்தளமே இல்லாமல் போகிறது. அந்த வாதம் முதலிலிருந்தே தவறு என்பது வேறு விஷயம். நின்ற இடத்திலேயே நின்றதற்காக ஏறியாக வேண்டும் என்று எந்தப் பங்குக்கும் கட்டாயமில்லை.

நன்றாகத் தெரிவது: எவ்வளவு ஆடும்

திருத்திய விலையை G நெடுவரிசையில் வைப்போம். பிரிப்புக்கு முந்தைய வரிசைகளில் Close-ஐ 2-ஆல் வகுத்தது, பிறகு வருபவற்றில் Close அப்படியே. H-ல் தினசரி மாற்றம். I-ல் அதுவரை தொட்ட உச்சத்திலிருந்து அன்றைய விலை எவ்வளவு கீழே இருக்கிறது என்ற கணக்கு.

```
H3:  =G3/G2-1
I2:  =G2/MAX(G$2:G2)-1
```

இந்த இரண்டையும் கடைசி வரிசை வரை இழுத்துவிட்டு, காலியான கட்டங்களில் இவற்றைப் போடுங்கள்:

```
=STDEV.S(H3:H1261)
=STDEV.S(H3:H1261)*SQRT(252)
=MIN(I2:I1261)
```

முதல் சூத்திரம் தினசரி மாற்றங்களின் திட்ட விலக்கம். நம் கோப்பில் அது 1.9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் இந்தப் பங்கு இரண்டு சதவீதத்துக்குள் மேலேயோ கீழேயோ போகும் என்று தோராயமாகப் படிக்கலாம். இரண்டாவது அதை வருடக் கணக்குக்கு மாற்றுகிறது. 252 நாளுக்கு 252 மடங்கு ஆகாது, ஏனென்றால் ஒரு நாள் ஏற்றமும் ஒரு நாள் இறக்கமும் ஒன்றையொன்று கொஞ்சம் தின்றுவிடும். வர்க்கமூலம்தான் பெருகும். 252-இன் வர்க்கமூலம் 16-க்குக் கொஞ்சம் குறைவு, எனவே வருட ஏற்ற இறக்கம் சுமார் 30 சதவீதம்.

இந்த 30 எவ்வளவு நம்பகமானது? நன்றாகவே நம்பலாம். 1,259 தினசரி மாற்றங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆட்டத்தின் அளவைப் பற்றி ஒரு புதுத் தகவல். கணக்கிட்டால் பிழை ஒரு சதவீதப் புள்ளிக்கு மேலோ கீழோ என்ற அளவில்தான் வருகிறது. கடந்த ஐந்து வருடத்தின் சராசரி ஆட்டம் 29-லிருந்து 31-க்குள் இருந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். (பங்குப் பிரிப்பைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்த ஒரே ஒரு வரிசை இந்த எண்ணை 37-க்கு மேல் தூக்கியிருக்கும். முனைகளை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.)

ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். ஆட்டம் ஐந்து வருடமும் ஒரே மாதிரி இருக்காது. அமைதியான மாதங்கள் கூட்டமாக வரும், கொந்தளிப்பான மாதங்களும் கூட்டமாக வரும். இதைக் கணக்கில் பிடிக்கும் முறையை 1982-ல் கொடுத்ததற்காகத்தான் ராபர்ட் எங்கிளுக்கு 2003-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நடைமுறையில் நமக்கு வேண்டியது, கடைசி 60 நாளுக்கும் அதே சூத்திரத்தைத் தனியாகப் போட்டுப் பார்ப்பதுதான். முழுக் காலத்துக்கு 30, கடைசி 60 நாளுக்கு 45 என்றால், கேட்பவர் கொந்தளிப்பின் நடுவில் நுழையப் போகிறார் என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது சூத்திரம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் புரியவைக்கச் சொற்களே வேண்டாம். நம் கோப்பில் திருத்திய விலை ஒரு கட்டத்தில் 460 வரை போய், பிறகு 253 வரை இறங்கியிருக்கிறது. உச்சத்திலிருந்து 45 சதவீதம். உச்சத்தில் ஒரு லட்சம் போட்டவர் அதை 55,000 ஆகப் பார்த்திருப்பார். 253-லிருந்து மீண்டும் 460-க்குப் போக 45 சதவீதம் ஏறினால் போதாது, 82 சதவீதம் ஏற வேண்டும். இப்போது விலை 402, அதாவது அந்த மனிதர் இன்னும் நஷ்டத்தில்தான் இருக்கிறார். "30 சதவீத ஏற்ற இறக்கம்" என்றால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் இந்த 55,000-ஐக் கேட்டால் கொஞ்சம் நின்று யோசிக்கிறார்கள்.

ஆனால் கோப்பில் இருக்கும் மிக மோசமான வீழ்ச்சியை, நடக்கக்கூடிய மிக மோசமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீடு 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதற்கு முந்தைய ஐந்து வருடக் கோப்பைக் கையில் வைத்திருந்தவருக்கு அதில் 5 சதவீதம் இறங்கிய ஒரு நாள்கூடக் கிடைத்திருக்காது.

கிட்டத்தட்டத் தெரியாதது: எந்தப் பக்கம்

இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம். பங்கு ஐந்து வருடத்தில் 200-லிருந்து 402-க்கு வந்திருக்கிறது, கூட்டு வளர்ச்சியாக வருடத்துக்கு 15 சதவீதம். கேட்பவர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். "வருஷம் 15 தருதுன்னா வங்கிய விட நல்லதுதானே?"

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன விநோதம் வருகிறது. ஆட்டத்தைக் கணக்கிட 1,259 தகவல்கள் கிடைத்தன. சராசரி வளர்ச்சியைக் கணக்கிட எத்தனை கிடைக்கின்றன? இரண்டே இரண்டு: முதல் விலை, கடைசி விலை. 200, 402, நடுவில் ஐந்து வருடம். 15 சதவீதம் என்ற எண்ணுக்கு இவ்வளவுதான் மூலப்பொருள். நடுவில் இருக்கும் 1,258 விலைகளை அழித்துவிட்டாலும் அதே 15 வரும். ஒருவர் தினமும் எடை பார்த்துக் குறித்து வைத்தாலும், ஐந்து வருடத்தில் அவருக்குக் கூடிய எடை முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தானே, அது போல. தினசரிக்குப் பதில் நிமிடத்துக்கு ஒரு விலை வாங்கி ஐந்து லட்சம் வரிசைகள் சேர்த்தாலும் இந்த எண்ணின் நம்பகத்தன்மை இம்மியளவும் கூடாது. கூட வேண்டும் என்றால் வருடங்கள் கூட வேண்டும், வரிசைகள் அல்ல. ராபர்ட் மெர்டன் 1980-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைக் கணிதமாகக் காட்டியிருக்கிறார்.

பிழையின் அளவைப் பார்க்க ஒரு சின்ன வகுத்தல் போதும். வருட ஏற்ற இறக்கத்தை, வருடங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 30-ஐ, 5-இன் வர்க்கமூலமான 2.24-ஆல் வகுத்தால் 13.4. வழக்கமாக இதன் இரு மடங்கை இரண்டு பக்கமும் வைப்பார்கள், அதாவது 27. எனவே இந்தப் பங்கின் "உண்மையான" சராசரி வளர்ச்சி வருடத்துக்கு மைனஸ் 12-லிருந்து பிளஸ் 42 வரை எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கோப்பை வைத்து அதைவிடக் குறுக்க முடியாது. வருடத்துக்கு 12 சதவீதம் தேய்ந்துகொண்டே போகக்கூடிய ஒரு பங்கு, வெறும் அதிர்ஷ்டத்தால் ஐந்து வருடத்தில் இப்படி இரட்டிப்பாகியிருக்கலாம். அது நடக்கச் சாத்தியம் குறைவுதான், ஆனால் கோப்பு அதை மறுக்கவில்லை.

பத்து வருடக் கோப்பு கேட்டு வாங்கினால்? 27 என்பது 19 ஆகும். இன்னும் அகலம்தான். பிளஸ் மைனஸ் 4-க்குள் கொண்டுவர எத்தனை வருடம் வேண்டும் என்று கணக்கிட்டால் 225 வருகிறது. அத்தனை காலம் ஒரே தொழிலை ஒரே மாதிரி நடத்தும் நிறுவனத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சாய்வும் ஒளிந்திருக்கிறது. கேட்பவர் இந்தக் கோப்பைக் குலுக்கல் முறையில் எடுக்கவில்லை. ஏதோ ஒரு காரணத்தால் இந்தப் பங்கு அவர் கண்ணில் பட்டது, பெரும்பாலும் அது ஏறியதால். ஏறாத பங்குகளின் கோப்பை யாரும் அனுப்புவதில்லை. ஆகவே வந்து சேரும் கோப்புகளில் சராசரி வளர்ச்சி எப்போதுமே நிஜத்தைவிட அழகாகத் தெரியும். பிழையின் அகலம் 27 என்பது இந்தச் சாய்வைச் சேர்க்காத கணக்கு.

சார்ட்டில் தெரியும் உருவங்கள்

"சராசரியை விடுங்க, சார்ட்டைப் பாருங்க. 253-ல சப்போர்ட் எடுத்துத் திரும்பியிருக்கு" என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு வாதாடுவதைவிட ஒரு சோதனை செய்து காட்டுவது நல்லது. H நெடுவரிசையில் இருக்கும் 1,259 தினசரி மாற்றங்களையும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் `=RAND()` போட்டு, அதை வைத்து வரிசைப்படுத்தினால் கலைந்துவிடும். (H-ஐ முதலில் வெறும் மதிப்புகளாக ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சூத்திரங்கள் குழம்பிப்போகும்.) பிறகு 200-லிருந்து தொடங்கி, அந்தக் கலைந்த மாற்றம் ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டி, ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போய்ப் புதிய விலைக் கோடு வரையுங்கள்.

கடைசி நாள் விலை அதே 402-தான் வரும், ஏனென்றால் பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது. ஆட்டத்தின் அளவும் அதேதான். நடுவில் இருக்கும் பாதை மட்டும் முற்றிலும் வேறு. அதில் எந்த அர்த்தமும் இருக்க வழியில்லை, நாமே கலைத்ததுதானே. இருந்தும் அதில் சப்போர்ட் தெரியும், இரட்டை உச்சம் தெரியும், தலையும் இரு தோள்களும் தெரியும், "டிரெண்ட் உடைந்த" இடம் தெரியும். இப்படி மூன்று கலைத்த சார்ட்டுகளோடு நிஜமானதையும் கலந்து வைத்து, எது நிஜம் என்று கேட்பவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஹாரி ராபர்ட்ஸ் என்ற புள்ளியியலாளர் 1959-லேயே, தற்செயல் எண்களால் வரைந்த கோடு பங்குச் சந்தை சார்ட்டைப் போலவே இருப்பதை அச்சில் காட்டிவிட்டார்.

இதனால் விலை வரலாற்றில் எந்த ஒழுங்கும் கிடையாது என்று சொல்லிவிட முடியாது, அது மறு எல்லை. கடந்த சில மாதங்களில் நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களிலும் மற்றவற்றைவிடச் சற்று நன்றாகப் போகின்றன என்று ஜெகதீஷ், டிட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல் காட்டினார்கள். பிறகு பலர் அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது நூற்றுக்கணக்கான பங்குகளைக் கூட்டமாக வாங்கி, கூட்டமாக விற்றுக் கிடைத்த சராசரி. 2009-ல் சந்தை திரும்பியபோது அந்த உத்தி மோசமாக அடியும் வாங்கியது. ஒரே ஒரு பங்கின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆய்வை மேற்கோள் காட்டினால் ஆய்வு சொல்லாததைச் சொன்னதாகிவிடும்.

கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்றும் இருக்கிறது. பழைய விலைகளைக் கொண்டு நாளைய விலையைக் கணிக்கும் மாடல் ஒன்றைப் பயிற்றுவித்து, "98 சதவீதத் துல்லியம்" என்று கொண்டுவருவார்கள். நிஜ விலைக் கோடும் கணித்த கோடும் ஒன்றன் மேல் ஒன்று அழகாகப் படிந்திருக்கும். அந்த மாடலுக்குப் போட்டியாக, எதையுமே யோசிக்காத ஒன்றை நிறுத்துங்கள்: "நாளைய விலை இன்றைய விலையேதான்." நாளுக்கு 1.9 சதவீதம் ஆடும் பங்கில் இந்த மந்த மாடலின் சராசரிப் பிழை சுமார் ஒன்றரை சதவீதம். அதாவது எதுவும் தெரியாமலே 98.5 சதவீதத் துல்லியம். கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் கணித்த கோடு நிஜக் கோட்டை ஒரு நாள் தள்ளி நகலெடுப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி, நாளை ஏறுமா இறங்குமா என்ற திசையை எத்தனை முறை சரியாகச் சொன்னது, அதுவும் பயிற்சியில் பார்க்காத நாட்களில், என்பதுதான். அந்த எண் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது 98-க்குப் பொருள் இல்லை.

சரி, என்ன பதில் எழுதுவது

அந்த நண்பருக்கு நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"தம்பி, கோப்பைப் பாத்தேன். மூணாவது வருஷம் நடுவுல ஒரு பங்கை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க, அதைத் திருத்தாததால உங்களுக்கு அசையாத மாதிரி தெரியுது. திருத்திப் பாத்தா அஞ்சு வருஷத்துல ரெட்டிப்பு. ஈவுத்தொகை இந்தக் கோப்புல இல்ல, அதையும் சேத்தா இன்னும் கொஞ்சம் கூடும். வருஷத்துக்குச் சுமார் 30 சதவீதம் ஆடுற பங்கு இது. ஒரு தடவ உச்சத்துலருந்து 45 சதவீதம் எறங்கியிருக்கு, அந்த உச்சத்தை இன்னும் தொடல. இதெல்லாம் உறுதியாச் சொல்லலாம். இனிமே ஏறுமா, வருஷம் 15 தருமான்னு கேட்டா, இந்தக் கோப்பு மைனஸ் 12-லருந்து பிளஸ் 42 வரைக்கும் எதையும் மறுக்கல. அதனால வாங்கலாம்னோ வேண்டாம்னோ இதை வச்சு நான் சொன்னா அது என் ஊகம்தான், கணக்கு இல்ல. நீங்க போடப்போற பணம் பாதியாகி ரெண்டு வருஷம் அப்படியே கிடந்தா உங்களுக்கு என்ன ஆகும்? உங்க மொத்தச் சேமிப்புல இது எவ்வளவு? ரெண்டுக்கும் பதில் சொல்லுங்க, எவ்வளவு போடலாங்கறதப் பத்திப் பேசலாம்."

இந்தப் பதிலில் "வாங்கலாமா" என்ற கேள்வி "எவ்வளவு" என்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். தந்திரமாகத் தப்பிக்க அப்படிச் செய்யவில்லை. கோப்பு நன்றாகப் பதில் சொல்லும் பக்கம் ஆட்டத்தின் அளவு, அந்த அளவு நேராகப் பொருந்தும் இடம் தொகைதான். 45 சதவீத வீழ்ச்சி மறுபடி வந்தால் மொத்தச் சேமிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று அவர் நினைத்தால், 5-ஐ 0.45-ஆல் வகுத்து, சேமிப்பில் 11 சதவீதம் வரை போடலாம் என்று சொல்லிவிடலாம். கோப்பில் இல்லாத பெரிய வீழ்ச்சியும் வரலாம் என்பதால் அதையும் குறைத்து 8 என்றோ 9 என்றோ வைப்பது புத்திசாலித்தனம். திசையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலே அவருக்குக் கையில் பிடிக்க ஒரு எண் கிடைத்துவிட்டது.

402 என்பது மலிவா விலை அதிகமா என்பதற்கும் கோப்பில் பதில் இல்லை. ஒரு பங்குக்கு நிறுவனம் எவ்வளவு லாபம் சம்பாதிக்கிறது, கடன் எவ்வளவு, லாபம் வளர்கிறதா தேய்கிறதா என்பது தெரியாமல் 402 வெறும் எண். அந்தத் தகவல்கள் ஆண்டறிக்கையில் இருக்கின்றன. அவற்றைப் படித்தாலும் உறுதி வராது, ஆனால் "வாங்கலாமா" என்ற கேள்விக்குச் சம்பந்தப்பட்ட பொருள் அங்கேதான் இருக்கிறது. தனிப்பட்ட ஒருவருக்கு இதை வாங்கு, இதை விற்று விடு என்று கட்டணம் வாங்கிச் சொல்வதற்குப் பல நாடுகளில் பதிவும் உரிமமும் தேவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் விடாமல் "நீங்களா இருந்தா வாங்குவீங்களா?" என்று கேட்பார். இதற்கு ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் கோப்பின் பதிலாகத்தான் அவர் காதில் விழும், இத்தனை பத்தி எழுதியதும் வீண். என் வருமானம், என் கடன், நான் ஏற்கெனவே வைத்திருக்கும் பங்குகள் எல்லாம் வேறு, அதனால் என் முடிவு அவருக்குத் தகவலே ஆகாது என்று சொல்லிவிட்டு, இன்னொரு கோப்பைக் கேட்பது நல்லது: அதே ஐந்து வருடத்துக்கு அந்தச் சந்தையின் பொதுக் குறியீடு. இரண்டையும் ஒரே தேதிகளில் பொருத்தி, தினசரி மாற்றங்களுக்கு `CORREL` போட்டால் இந்தப் பங்கு சந்தையோடு எவ்வளவு சேர்ந்து ஆடுகிறது என்று தெரியும். குறியீட்டையும் ஐந்து வருடம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சந்தை முழுவதும் அதே காலத்தில் வருடத்துக்கு 14 ஏறியிருக்கலாம். அப்படியென்றால் அவர் மயங்கிய 15-இல் பெரும்பங்கு இந்த நிறுவனத்துக்கே உரியது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர் ஏற்கெனவே குறியீட்டு நிதி ஒன்றில் பணம் போட்டிருப்பவராக இருந்தால், 253-க்கு விழுந்த அந்த மாதங்களில் குறியீடு எங்கே இருந்தது என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே விழுந்திருந்தால், மேலே சொன்ன 11 சதவீதக் கணக்கைப் பங்குக்கு மட்டும் தனியாகப் போட்டது போதாது. நிதியில் இருக்கும் பணமும் அதே நாட்களில் குறையும், அந்தக் குறைவையும் முதலில் கழித்துவிட்டுத்தான் அவர் தாங்கக்கூடிய 5 சதவீதத்தில் என்ன மீதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.